கடைசி வரியில் சென்னை

பேச்சியம்மாவுக்கு எதையும் கீழேயிருந்து மேலே படிக்கும் பழக்கம். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் மண்டபம் எந்த ஊரில் என்று பார்ப்பாள், பிறகு தேதி, பிறகு பெண் வீட்டார், கடைசியில்தான் மாப்பிள்ளை யார் என்ற கவலை. மாப்பிள்ளை யாராயிருந்தால் என்ன, போக வேண்டிய இடம் முதலில் தெரிய வேண்டாமா என்பது அவள் கட்சி. இருபது வருடமாக முகவரி பார்த்த கண் அது. தலைமை அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் அறையில்தான் அவளுக்கு வேலை.

பிறந்தது அந்தமானுக்குத் தெற்கே கட்சால் தீவில். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களை ரப்பர் வேலைக்கென்று அரசாங்கம் அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியபோது, அப்படிப் போனவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். சுனாமி அடித்த வருடம் குடும்பம் கொஞ்ச காலம் முகாமில் இருந்தது. அந்த முகாமில் யார் யார் எந்தக் கூடாரத்தில் இருக்கிறார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும் என்பதால், வந்த கடிதங்களைக் கொடுக்கும் பொறுப்பு தானாக அவள் கைக்கு வந்தது. அப்புறம் பரீட்சை எழுதினாள், வேலை கிடைத்தது, போர்ட் பிளேருக்கு வந்தாள். ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. கடிதம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் புதுப்பெயர், பாதிப் பேர் பழைய பெயர், இரண்டையும் எழுதி நடுவில் கோடு போடுகிற எச்சரிக்கைக்காரர்களும் உண்டு. பேச்சியம்மா எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள். பின்கோடு மாறவில்லை அல்லவா, போதும்.

பின்கோடு அவளுக்கு ஒரு வாசல் வரிசை மாதிரி. 74 என்று ஆரம்பித்தால் வங்காளக் கூட்டத்தோடு சேர்ந்தது. மூன்றாவது எண்ணும் 4 என்றால் நம் தீவுகள். பாக்கி மூன்று எண்ணும் எந்த அஞ்சலகம் என்று சொல்லும். மூன்றாவது எண்ணை 1 போலக் கிறுக்கினால் கடிதம் நதியா மாவட்டத்துக்குப் போகும், 3 போல வளைத்தால் கொல்கத்தா பக்கத்து இருபத்து நான்கு பர்கானாவுக்கு. இரண்டாவது எண்ணின் தலையை மூடி 9 ஆக்கிவிட்டால் இன்னும் விசேஷம், மேகாலயாவில் காரோ மலைக்கே ஏறிவிடும். அப்படிப் போய் வந்த கடிதங்கள் ஊர் மாறியது என்ற முத்திரை வாங்கிக்கொண்டு, சுற்றுலா போனவர்கள் போல நிதானமாக வந்து சேரும்.

கடல் தாண்டி மெயின்லாண்டில் ஒரு முறை பயிற்சிக்குப் போனபோது கடிதம் பிரிக்கும் எந்திரத்தைப் பார்த்தாள். கடிதங்கள் சரசரவென்று ஓடும். படம் பிடித்து, முகவரிக் கட்டத்தைத் தேடி, அதன் அடிவரியிலிருந்து ஆறு இலக்க எண்ணைப் பொறுக்கி, அதற்கேற்ற கோடுகளை கவரில் அச்சடித்து, உரிய பெட்டியில் தள்ளிவிடும். அதன் பிறகு அடுத்த எந்திரம் முகவரியைப் பார்ப்பதே இல்லை, கோட்டைத்தான் நம்பும். எந்திரத்துக்குப் புரியாத எழுத்தென்றால் ஒதுக்கித் தள்ளும். ஒதுக்கியதை மனிதர்கள் பார்த்துப் பிரிப்பார்கள். அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி எடுத்த விஜயலட்சுமி இன்று சென்னையில் அந்த ஒதுக்கிய கடிதங்களைப் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். இருவரும் அவ்வப்போது போனில் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் கையெழுத்துகளைத் திட்டுவதுதான் பேச்சு.

இனி கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவஞானம், கமுதிப் பக்கத்து ஆள், சின்னச் சின்னக் கட்டட வேலைகளை காண்டிராக்டு எடுப்பவர். ஊரின் ஒரு பக்கம், புரோத்ராபூரில் சொந்தமாக வீடு கட்டியிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எதைச் செய்தாலும் பக்காவாகச் செய்தேன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் அவருக்கு. போன வருடம் அபர்தீன் பஜாரில் அச்சுக்கடை வைத்திருக்கும் ஜப்பார் பாயிடம் போய்த் தன் முகவரியை ஒட்டுச்சீட்டாக அடித்து வாங்கினார். பளபளவென்ற தாள், ஓரத்தில் பூ வேலை, கனத்த எழுத்து. முதல் வரியில் பெயரும் தொழிலும். பிறகு தெரு. அதற்குக் கீழே புரோத்ராபூர், அந்தமான், பின்கோடு. அதற்கும் கீழே, ஒரு கோடு போட்டு, தன் அப்பா காலத்துப் பழக்கத்தை விடாமல் 'வழி: சென்னைத் துறைமுகம், 600 001'.

அந்தக் காலத்தில் கடிதமும் கப்பலில்தான் வந்தது. ஆகவே எந்தத் துறைமுகத்தில் ஏறுகிறது என்று எழுதினால்தான் வந்து சேரும் என்று தீவுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் பலர் நம்பினார்கள். கப்பல் போய் விமானம் வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. நம்பிக்கை மட்டும் கரை இறங்கவில்லை. பேச்சியம்மா சீட்டைப் பார்த்தபோது அந்த வரி வேண்டாமே என்று ஒரு வார்த்தை சொன்னாள். சிவஞானம் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் கட்டு கட்டாகச் சீட்டை அனுப்பி, எனக்கு எழுதும்போது இதை ஒட்டினால் போதும், கையெழுத்துத் தொல்லை இல்லை என்று சொல்லிவிட்டார். அவளும் மேற்கொண்டு வாதாடவில்லை. வீட்டுக்குள்ளும் எதற்கு அந்தப் பிரிக்கும் வேலை என்று விட்டுவிட்டாள்.

சீட்டுக் கட்டு ஒன்று குலதெய்வக் கோயில் பூசாரிக்கும் போயிற்று. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

சிவஞானத்தின் வீட்டில் ஒரு வழக்கம். பிள்ளைக்குக் காது குத்தும்போது ஊரிலிருந்து அய்யனார் கோயில் திருநீறு வந்திருக்க வேண்டும். அதைப் பூசாரியே தன் கையால் கவரில் இட்டு, தன் கையால் தபால்பெட்டியில் போட வேண்டும். ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். முதல் வருடம் தவறினால் மூன்றாவது, மூன்றாவதும் தவறினால் ஐந்தாவது. பேச்சியம்மாவுக்குப் பதினோரு வருடம் காத்துப் பிறந்த மகள் பொன்னி. முதல் வருடத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தள்ளிப்போனது. இப்போது மூன்றாவது வயது முடியப் போகிறது. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும் என்றால் மாமன் செந்தமிழன் கட்சாலிலிருந்து கப்பலில் வரவேண்டும். அவனுக்கு மின்சாரத் துறையில் வேலை, லீவு கிடைத்து கப்பலில் இடமும் கிடைப்பது சாதாரணமல்ல. எல்லாம் ஒருவழியாகக் கூடி வந்து நாள் குறித்தாகிவிட்டது. பதினோரு வருடம் காத்தவளுக்கு இன்னும் இரண்டு வருடம் காக்கத் தெம்பு இல்லை. அதை அவள் வெளியே சொல்லவில்லை. ஆனால் தினமும் பை அவிழ்க்கும்போது கை கொஞ்சம் வேகமாக ஓடியது.

பூசாரி அனுப்பி நாளாகிவிட்டது என்று போனில் சொன்னார். ஒட்டுச்சீட்டை ஒட்டினேன், அழகாக இருந்தது என்றும் சொன்னார். வழக்கமாக வந்து சேரும் நாள் தாண்டியது. அதற்கப்புறமும் தாண்டியது. மெயின்லாண்டிலிருந்து பை வருகிற ஒவ்வொரு நாளும் பேச்சியம்மா புரோத்ராபூர் என்று எழுதிய தட்டில் விழும் கடிதங்களை இரண்டு தடவை பார்த்தாள். இல்லை.

அப்படித் தேடும்போதுதான் வேறொன்று கைக்கு வந்தது. பூ வேலைச் சீட்டு ஒட்டிய ஒரு கவர். பரமக்குடியிலிருந்து சிவஞானத்தின் பெரியப்பா மகன் அனுப்பிய கல்யாணப் பத்திரிகை. அந்தக் கல்யாணம் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடும் போய் வந்துவிட்டார்கள். தன்னை அழைக்கவில்லை என்று சிவஞானம் அந்த வீட்டோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். கவரில் ஊர் மாறியது என்ற முத்திரை ஒன்றுக்கு மேல் இருந்தது. அச்சடித்த கோடுகளின் மேல் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்தார்கள். சீட்டின் கடைசி வரி அடிக்கப்பட்டிருந்தது. அந்தமான் என்ற சொல்லைச் சுற்றி வட்டம்.

பேச்சியம்மா கவரை ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாம் விளங்கிவிட்டது. எந்திரம் வழக்கம் போல அடிவரிக்குப் போயிருக்கிறது. அங்கே கொழுகொழுவென்று ஓர் எண், 600 001. அச்சு எழுத்து, சந்தேகமே இல்லை. சென்னைக்கே கோடு போட்டு அனுப்பிவிட்டது. அங்கே தபால்காரர் பார்த்து, இது நம்ம ஏரியா இல்லையே என்று திருப்பிப் போட்டிருப்பார். திரும்பி எந்திரத்தில் ஏறினால் அது பழைய கோட்டைப் படித்து மறுபடியும் அதே இடத்துக்கு. யாரோ ஒரு புண்ணியவான் கோட்டை அடித்துக் கையால் பிரித்த பிறகுதான் கவருக்கு விமோசனம் கிடைத்திருக்கிறது.

அதைவிட வேடிக்கை, முந்தைய வருடங்களில் பூசாரியின் கடிதங்கள் ஒன்றுகூடத் தவறியதில்லை. அவர் கையெழுத்து கோழி கிண்டியதை விட மோசம். எந்திரம் தொட்டவுடன் கை விரித்து ஒதுக்கிவிடும். விஜயலட்சுமி மாதிரி யாராவது எடுத்து, கண்ணைச் சுருக்கி, அந்தமான் என்ற ஐந்தெழுத்தைக் கண்டுபிடித்து சரியான பெட்டியில் போட்டிருப்பார்கள். படிக்க முடியாத கடிதம் வந்து சேர்ந்தது. படிக்க அழகான கடிதம் சென்னைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் பத்திரிகையைக் கணவர் முன் வைத்தாள். அவர் முதலில் தபால் துறையைத் திட்டினார். பிறகு எந்திரத்தைத் திட்டினார். ஆறு எண் இரண்டு இடத்தில் இருந்தால் எது ஊர் எது வழி என்று ஓர் எந்திரத்துக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டார். அதற்குத் தெரியாது, கடைசி வரியில் இருப்பதுதான் போகிற இடம் என்று நாடே ஒத்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் பேச்சியம்மா. அவர் பத்திரிகையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பெரியப்பா மகன் தன் பெயரை எவ்வளவு மரியாதையாகப் போட்டிருக்கிறார் என்று பார்த்ததும் குரல் இறங்கியது.

"பாவி, அழச்சவங்களப் போயி நாம வஞ்சுக்கிட்டுல்ல இருந்தோம்" என்றார். "ஏம் பேச்சி, இத்தன மாசமா நம்மள ஒருத்தரும் நெனக்கலன்னுல்ல நெனச்சேன்."

அவளுக்கு அவர் மேல் கோபம் இருந்தது. ஆனால் அதைக் காட்டிலும் பெரிய பயம் நெஞ்சில் இருந்தது. அன்றே விஜயலட்சுமிக்குப் போன் போட்டாள். விஜயலட்சுமி சிரித்தாள், பிறகு விஷயம் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். ஊர் மாறி ஒதுங்கிக் கிடக்கும் கடிதக் கட்டுகளில் பூப்போட்ட சீட்டு தென்படுகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன் என்றாள். ஆனால் சாதாரணத் தபாலுக்கு எண்ணும் கிடையாது, தடமும் கிடையாது. எந்த மூட்டையில் இருக்கிறதோ, என்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் நேர்மையாகச் சொல்லிவிட்டாள்.

இன்னொரு கவர் அனுப்ப வேண்டியதுதான். ஸ்பீட் போஸ்ட் என்றால் கவுண்டரிலேயே பின்கோடு தட்டி விடுவார்கள், தடமும் தெரியும். ஆனால் பூசாரிக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. திருவிழா முடியும் வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. ஸ்பீட் போஸ்ட் வாங்கும் அஞ்சலகம் எல்லைக்கு அப்பால். வேறொருவர் கையில் கொடுத்து அனுப்பினால் வழக்கம் கெட்டது. கோயில் வாசலில் இருக்கிற சிவப்புப் பெட்டி ஒன்றுதான் வழி.

சிவஞானம் பூசாரிக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொல்லி, இந்தத் தடவை சீட்டு வேண்டாம், நீங்களே எழுதுங்கள், ஆனால் நிறுத்தி நிதானமாக, அழகாக, பள்ளிக்கூடத்து எழுத்து போல எழுதுங்கள் என்று அறிவுரை சொல்ல ஆரம்பித்தார். பேச்சியம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பூசாரியின் 4 எப்போதும் தலை மூடியே இருக்கும். அதை அவர் நிதானமாக, தெளிவாக எழுதினால் எந்திரத்துக்கு அது அட்சர சுத்தமான 9. கவர் காரோ மலைக்கோ அதற்கும் அப்பாலோ போய்விடும். அரைகுறைத் தெளிவுதான் ஆபத்து. முழுக் கிறுக்கல் மனிதனிடம் போகும், முழுத் தெளிவு சரியான ஊருக்குப் போகும். நடுவில் இருப்பதுதான் எந்திரத்தை ஏமாற்றும். போனில் வைத்து ஒரு வயதான பூசாரிக்கு 4 எழுதச் சொல்லிக் கொடுக்கிற நேரமா இது?

கணவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சாமி, கும்புடுறேங்க. நீங்க நல்லா எழுத வேணாம். எப்பவும் எழுதுற மாதிரியே எழுதுங்க. அந்தமான்னு மட்டும் பெரிசா எழுதுங்க. பின்கோடு வேணாம், சென்னை வேணாம், ஒங்க விலாசத்த கவருக்குப் பின்னால எழுதிடுங்க."

மறுமுனையில் பூசாரி சரி என்றார். தன் கையெழுத்தை இதுவரை யாரும் வேண்டும் என்று கேட்டதில்லை என்று அவர் பிறகு ஊரில் எல்லோரிடமும் சொன்னாராம்.

பின்கோடு இல்லாமல் எழுதச் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எல்லோரிடமும் பின்கோடு எழுதுங்கள், கடைசி வரியில் எழுதுங்கள், ஆறு எண்ணும் தனித்தனியாக எழுதுங்கள் என்று ஓதுகிற வாய் அது. கூடவே விஜயலட்சுமிக்கும் ஒரு தகவல் அனுப்பினாள், கோழி கிண்டின கவர் ஒன்று வரும், உன் கண்ணில் படலாம், படாமலும் போகலாம் என்று.

செந்தமிழன் கப்பலில் வந்து இறங்கினான். அக்காளுக்கு இளநீரும் மருமகளுக்குக் கம்மலும் கொண்டு வந்தான். கம்மலை உள்ளங்கையில் வைத்து பொன்னிக்குக் காட்டினான், அவள் அதை வாயில் போடப் பார்த்தாள். திருநீறு வரலையாக்கா என்று ஒரே ஒரு முறை கேட்டான். வரும் என்றாள். அவன் திரும்பும் கப்பலுக்குச் சீட்டும் எடுத்தாகிவிட்டது. வீட்டில் பந்தல் கம்பு ஊன்றிவிட்டார்கள். சிவஞானம் மிச்சமிருந்த சீட்டுக் கட்டுகளை எடுத்து வைத்து, கத்திரிக்கோலால் ஒவ்வொன்றிலும் கடைசி வரியை வெட்டிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட மனிதரிடம் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது, அவளால் முடியவில்லை.

காது குத்துக்கு முந்தின நாள் பேச்சியம்மா வேலைக்குப் போனாள். லீவு போடச் சொன்னார்கள், கேட்கவில்லை. விமானத்தில் வந்த பைகளை அவிழ்த்தார்கள். வழக்கமான கடிதங்கள், வங்கிக் கவர்கள், கம்பெனிப் புத்தகங்கள். அவள் கை பழக்கத்தில் ஓடியது, ஹேவ்லாக், சௌல்தாரி, கட்சால், காராச்சாரமா. ஒரு கவரின் மேல் கை நின்றது. முகவரி இருந்த இடத்தில் நீல மையில் ஒரு புயல் அடித்து ஓய்ந்திருந்தது. அடியில், முகவரிக் கட்டத்துக்குள் அடங்காமல், அந்தமான் என்ற ஐந்தெழுத்து. அதன் பக்கத்தில் வேறொருவர் கையெழுத்தில், சிவப்புப் பேனாவால், தனித்தனியாக, தலை திறந்த 4 உடன் எழுதிய ஆறு எண். அந்தச் சிவப்பு எண்ணை பேச்சியம்மாவுக்குத் தெரியும். பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய கைதான் அது.

கவரைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே பொடி நகர்ந்தது, திருநீறுதான். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அது அவள் பெயருக்கு வந்த கடிதம் இல்லை, சிவஞானத்தின் பெயருக்கு வந்தது. புரோத்ராபூர் தட்டில் போட்டாள். போட்ட பிறகு மனசு குளிர்ந்தது. அன்று முழுவதும் கையெழுத்து மோசமான எந்தக் கடிதத்தையும் அவள் திட்டவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது தபால்காரர் ரியாஸ் வாசலில் நின்றிருந்தார். சிவஞானம் கவரைத் தள்ளி வைத்தும் கிட்டே வைத்தும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். செந்தமிழனும் எட்டிப் பார்த்துக் கை விரித்தான். பொன்னி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

"ரியாஸு, இது நம்மளுதுதானா? எம் பேரு எங்க இருக்கு இதுல?"

ரியாஸ் பேச்சியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பேச்சியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கணவர் பக்கத்தில் நின்றாள். கவரின் அடியில் இருந்த அந்தமானில் விரலை வைத்தாள்.

"கீழேர்ந்து படிங்க" என்றாள்.